தமிழ் நம்பர், தெலுங்கு நம்பர்

சுந்தரம்மா கேட்டது ஒரு ரூபாய்தான்.

"அட்வான்ஸ் எல்லாம் நேர்ல வந்து குடும்மா, அவசரமில்ல. இப்ப ஒரு ரூபா போடு. ஒன் பேரு என் போன்ல தெரியணும், அவ்ளோதான்."

அலர்மேல்மங்கை போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். திருப்பதியில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதிய நேரம் எப்போதும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம் காலையிலேயே போய்விடும். பின்பக்கம் சாப்பிடுகிற சிறிய அறையில், ஜன்னலுக்கு வெளியே மலையின் ஒரு துண்டு தெரியும். மேகம் வந்தால் அதுவும் இருக்காது.

"என் ஆதார் கார்டு அனுப்பட்டுமாங்க?"

"ஆதாரு எல்லாரும்தான் காட்டறாங்க. போன தபா இருந்தவன் காட்டின ஆதாருல ஒரு பேரு. மாசா மாசம் துட்டு வந்தது வேற பேருல. நான் கண்டுக்கல. அப்புறம் அந்த ரெண்டாவது பேரைத் தேடிக்கினு போலீசு வந்து எங்க வாசல்ல நிக்குது. எதுக்கும்மா எனக்கு? அதான் இப்ப இருக்கிறவங்க பேங்குலேர்ந்தே வரணும்னு வெச்சிருக்கேன். பேங்கு பொய் சொல்லாது."

"சரிங்க. இப்பவே போடறேன்."

"நான் பொண்ணு ஊட்டுக்கு சித்தூர் வந்துட்டேன். இங்க ஒரு பார்ட்டி மூணு மணிக்கு என்னைப் பாக்க வர்றாங்க, காணிப்பாக்கத்துல கடை வெச்சிருக்கிறவங்க. அவங்க பையன் திருப்பதில படிக்கிறானாம். முந்தி கேட்டது நீதான். அதான் சொல்றேன். மூணுக்குள்ள ஒன் பேரு வந்துட்டா ஊடு ஒன்னுது. இல்லன்னா கோவிச்சுக்காத, தல்லி."

அந்தத் தெலுங்கு 'தாயே'யோடு போன் அணைந்தது. சுவரில் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

சுந்தரம்மா வாடகைக்கு விடும் அந்த வீட்டை அவள் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருந்தாள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, மாடிப்படிக்குக் கீழே குளியலறை. பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் தெருமுனையில்தான் ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ் நிற்கிறது. அவள் கணவன் கோகுலகிருஷ்ணன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கல்யாணமாகி ஒரு பொங்கல் போய்விட்டது. இன்னும் அவன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஐந்து பேரோடு ஓர் அறையில், அவள் திருப்பதியில் பெண்கள் விடுதியில். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்து, பூங்காவில் உட்கார்ந்து, சாயங்காலம் ஆளுக்கொரு பஸ் ஏறினார்கள். கம்பெனி பஸ் நிற்கும் தெருவில் இவர்கள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஒரு வீடு வந்தது இதுதான் முதல் முறை.

கோகுலிடம் சொல்லிப் போடச் சொல்லலாம் என்றால், ஷிஃப்ட் முடியும்வரை அவன் போன் தொழிற்சாலை வாசலில் ஒரு பெட்டிக்குள் பூட்டியிருக்கும்.

அவள் பேங்க் ஆப்பைத் திறந்தாள். அது அவளைத் தெரியாதது போல் வரவேற்றது.

பழைய போனின் திரை போன வாரம் செத்துப்போனது. இந்தப் போனை ஞாயிற்றுக்கிழமை கோகுல் வாங்கிக் கொடுத்து, பூங்காவில் உட்கார்ந்தே இரண்டு சிம்மையும் மாற்றிப் போட்டான். போன் புதிது என்பதால் ஆப் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. இந்தப் போனில்தான் உங்கள் எண் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், எந்த சிம், ஒன்றா இரண்டா?

அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவர்கள் ஊர்ப்பக்கத்தில், பள்ளிப்பட்டைச் சுற்றி, ஆந்திர எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற எல்லோரிடமும் இரண்டு நம்பர் இருக்கும். ஒன்றைத் தமிழ் நம்பர் என்பார்கள், இன்னொன்றைத் தெலுங்கு நம்பர். வீடு, அம்மா, சொந்தக்காரர்கள், கல்யாணம், சாவு எல்லாம் தமிழ் நம்பர். வேலை, சம்பளம், மேஸ்திரி, ஆபீஸ் எல்லாம் தெலுங்கு நம்பர். பேங்க் இருப்பது திருப்பதியில். சம்பளம் போடுவது திருப்பதி முதலாளி. அவள் முதல் சிம்மைத் தொட்டாள். அது தெலுங்கு நம்பர்.

ஒரு வட்டம் சுற்றியது. அவள் மெசேஜ் வருவதற்காகக் காத்திருந்தாள். வட்டம் நின்றது. சரிபார்க்க முடியவில்லை, மீண்டும் முயற்சி செய்யவும்.

"இன்னாடி, துன்னாம போனையே பாத்துக்கினு இருக்கே?" சபீனா டப்பாவோடு உள்ளே வந்தாள். வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். திருப்பதியிலேயே பிறந்தவள். தமிழில் தொடங்கி தெலுங்கில் முடிக்கிற வாய்.

அலர்மேல்மங்கை விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு ரூபாக்கா இவ்ளோ ரகளை? குடு, நான் போட்டுர்றேன்."

"ஒன் பேருல போனா ஒனக்குத்தான் வீடு குடுப்பாங்க."

"குடுக்கட்டுமே. எங்க மாமியாகிட்டேர்ந்து தப்பிச்சா போதும்." சபீனா பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள். "மெசேஜ் வர்லியா? சிக்னலு இல்ல இந்த ரூம்ல. இங்க எனக்கே எங்க ஆளு போன் வராது, அதுக்குத்தான் இங்க வந்து துன்றேன். வெளிய வா."

இருவரும் பின்படியில் போய் நின்றார்கள். சபீனா வைஃபையை அணைத்தாள். விமானக் குறியைத் தட்டி, மறுபடி தட்டினாள். போனை அணைத்துத் திறந்தாள். தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் செய்துவிட்டு நீட்டினாள்.

"இப்ப போடு."

ஒன்றா இரண்டா? ஒன்று. வட்டம் சுற்றியது. கீழே சந்தில் ஒருவன் தண்ணீர் கேன்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தான். கடைசி கேன் இறங்கும்வரை வட்டம் சுற்றிவிட்டு நின்றது.

இந்த முறை வார்த்தைகள் கூடுதலாக இருந்தன. இன்று இன்னும் ஒரு முறைதான் முயல முடியும். அதன் பிறகு நாளைதான்.

"தொடாதே," என்றாள் சபீனா, பாம்பைக் கண்டவள் மாதிரி. "இது சர்வரு ப்ராப்ளம். கொஞ்ச நேரம் விட்டுப் போடலாம்."

"மூணு மணிக்கு அவங்க வந்துடுவாங்க."

"அந்தம்மாக்கு போன் பண்ணி சொல்லேன். சர்வரு வேலை செய்லீன்னு."

அலர்மேல்மங்கை கூப்பிட்டாள். சுந்தரம்மா எடுத்தார். பின்னால் குழந்தை ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"சர்வரா? எல்லாரும் அதான் சொல்றாங்கம்மா. முன்ன இருந்தவனும் வாடகை கேட்டா சர்வருன்னுவான். நீ பொய் சொல்றேன்னு சொல்லல. எனக்கு எது நெஜம்னு தெரியாதில்ல. மூணு மணி வரைக்கும் பாக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபமாக இருந்திருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம். நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது?

யாரோ மணியடித்தார்கள். சபீனா மேஜைக்கு ஓடினாள். அலர்மேல்மங்கை படியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் மடியில் இருந்தது. அந்த வீட்டை யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை அதன் நடுவில் நின்றபோது ஏனோ குரலைத் தாழ்த்திப் பேசத் தோன்றியது. காலி அறைக்கு எல்லாம் கேட்கும் போல. இப்போது காணிப்பாக்கத்துப் பையன் ஒருவன் அங்கே புத்தகங்களைப் பரப்பிவைத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது தெரிந்தது. அவன் மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும் ஓர் இடம் வேண்டும்தானே. ஆனால் அந்தச் சுவரை அவள் முதலில் பார்த்திருந்தாள்.

மெசேஜ் தாமதமாக வந்திருக்குமோ என்று மறுபடி மெசேஜ் பெட்டியைத் திறந்தாள்.

புதிதாக எதுவும் வரவில்லை. ஆனால் மேலே, தெரியாத எண் ஒன்றின் பெயரில், அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குப்பை. அதற்குக் கீழே அதேபோல் இன்னொன்று. இரண்டும் வலப்பக்கத்தில் இருந்தன. அவள் அனுப்புகிற மெசேஜ்கள்தான் வலப்பக்கத்தில் இருக்கும். இரண்டின் ஓரத்திலும் சின்னதாக ஒரு சிம் படம், அதற்குள் ஒன்று என்ற எண்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இவ்வளவு நேரம் மெசேஜ் வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவேண்டியது எதுவும் இல்லை. மெசேஜ் இங்கிருந்துதான் போகிறது. அவள் போன் அவளைக் கேட்காமலே பேங்குக்கு ஒரு வரி அனுப்புகிறது. பேங்க் அந்த வரியை வாங்கிக்கொண்டு, இது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. பார்த்துவிட்டு, இது எனக்குத் தெரிந்த நம்பர் இல்லை என்கிறது. அப்படியானால் அந்த இரண்டு வரிகளும் அங்கே போய், வேறு யாரோ வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்று, திரும்பாமல் போயிருக்கின்றன.

பேங்குக்குத் தெரிந்த நம்பர் எது?

சபீனா திரும்பி வந்ததும் அலர்மேல்மங்கை கேட்டாள். "நீ பேலன்ஸ் பாக்க ஒரு மிஸ்டு கால் குடுப்பியே, அந்த நம்பரு சொல்லு."

இருவருக்கும் ஒரே பேங்க். லேபில் எல்லோருக்கும் அங்கேதான் சம்பளம். சபீனா நம்பரைச் சொன்னாள். "பேலன்ஸ் எதுக்கு இப்ப? ஒரு ரூபா கூடவா இல்ல?"

அலர்மேல்மங்கை தெலுங்கு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். மணி அடித்துத் தானாகவே அறுந்தது. சற்று நேரத்தில் பதில் வந்தது. சபீனா அதை வாய்விட்டுப் படித்தாள். இந்த மொபைல் எண் எங்கள் வங்கியின் எந்தக் கணக்கிலும் பதிவாகவில்லை.

"அதெப்படி? மாசா மாசம் சம்பளம் வந்தா ஒனக்கு மெசேஜ் வருதே."

"வருது. எந்த சிம்முக்கு வருதுன்னு நான் எப்ப பாத்தேன்? ரெண்டும் ஒரே போன்லதான இருக்குது."

பிறகு அவளுக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பேங்கிலிருந்து இரண்டு பேர் லேபுக்கே வந்து, எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்துக் கணக்கு திறந்தார்கள். அப்போது அவளிடம் தெலுங்கு நம்பரே இல்லை. அதை வாங்கியது முதல் சம்பளம் வந்த பிறகு. அன்று அவள் சொன்னது ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே நம்பரை.

"தமிழ் நம்பர்," என்றாள்.

"அய்யோ தேவுடா," சபீனா தலையில் தட்டிக்கொண்டாள். "எங்களுக்கெல்லாம் ஒரு நம்பரு, ஒரு மாமியா. நீங்கதான் எல்லாத்துலயும் ரெண்டு வெச்சுக்கினு குழப்பிக்கிறீங்க. சரி, ரெண்டாவது சிம்ம அமுக்கு."

அலர்மேல்மங்கையின் விரல் அந்த இரண்டின் மேல் போய், நின்றது.

"அதுல ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சு. போன வாரமே. அம்மா கூப்பிட்டா வருது, நான் கூப்பிட முடியல. அம்மாதான கூப்புடுவாங்கன்னு விட்டுட்டேன்."

"அப்ப மெசேஜும் போவாது."

"போவாது."

ஒரு முறைதான் மிச்சம். இப்போது அமுக்கியிருந்தால், சரியான சிம்மிலிருந்தும் மெசேஜ் போகாமல் அந்த முறையும் வீணாகியிருக்கும். அலர்மேல்மங்கை போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இரு, நான் ரீசார்ஜ் பண்றேன்," என்று சபீனா தன் போனை எடுத்தாள். "இதுலயாவது ஒன் பேரு வேணாம்ல? நம்பரு சொல்லு... எந்த பேக்கு? இது கம்மியா இருக்குது."

"மெசேஜு இருக்குதா பாரு அதுல."

சபீனா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "வெறும் நெட்டு. மெசேஜு இல்ல."

"அது வேணாம். காலு, மெசேஜு ரெண்டும் இருக்கிறது போடு."

"மகாராணி. மாசம் பொறந்தா எனக்கு பிரியாணி."

ரீசார்ஜ் ஆனது. உடனே முயலவேண்டாம் என்று தோன்றியது. போனை ஒருமுறை அணைத்துத் திறந்து, தமிழ் நம்பரிலிருந்து சபீனாவைக் கூப்பிட்டாள். சபீனாவின் போன் பாட ஆரம்பித்தது. திரையில் 'மங்கா ஊர்' என்று வந்தது. அவள் போனில் அந்த அழைப்பின் பக்கத்தில் இரண்டு என்று இருந்தது. அப்புறம் அதே நம்பரிலிருந்து பேங்குக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். இந்த முறை வந்த பதிலில் அவள் கணக்கின் கடைசி எண்களும் மீதித் தொகையும் இருந்தன. பேங்குக்கு அவளைத் தெரிந்திருந்தது, ஊரிலிருந்து வந்தபோது இருந்த அவளை.

"செட்டிங்ஸ்ல மெசேஜ் எந்த சிம்ல போவணும்னு ஒண்ணு இருக்கும்," என்றாள் அலர்மேல்மங்கை. தேடிப் பார்த்தாள். அதில் முதல் சிம் குறித்திருந்தது. அதையும் இரண்டாக்கினாள். தேவையோ இல்லையோ, ஒரே ஒரு தடவைக்கு எதையும் விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.

மணி இரண்டே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. சபீனா அவள் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

ஒன்றா இரண்டா? இரண்டு.

வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சந்தில் தண்ணீர்க்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மலை மேல் ஒரு மேகம் நகராமல் நின்றது. வட்டம் நின்று, பச்சையாக ஒரு குறி வந்தது. எண் சரிபார்க்கப்பட்டது.

"ஏய்!" என்று சபீனா அவள் காதுக்குள் கத்தினாள். உள்ளேயிருந்து டாக்டர், யாரது என்று தெலுங்கில் குரல் கொடுத்தார்.

பழைய ரகசிய எண்ணையே ஆப் ஏற்றுக்கொண்டது. சுந்தரம்மாவின் நம்பரைப் போட்டு, ஒரு ரூபாய் என்று எழுதினாள். வாழ்க்கையில் இவ்வளவு நிதானமாக ஒரு எண்ணை அவள் எழுதியதில்லை. அனுப்பினாள். போயிற்று.

பிறகு எதுவும் நடக்கவில்லை.

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடனே கூப்பிடுவார் என்று நினைத்தார்கள். கூப்பிடவில்லை. அலர்மேல்மங்கை கூப்பிட்டால் வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. சிறிது நேரத்தில் போன் ஒருமுறை சிணுங்கியது. அவள் கணக்கில் ஒரு ரூபாய் வரவு.

"திருப்பி அனுப்பிட்டாங்க," என்றாள்.

  அலர்மேல்மங்கை டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். அதற்குள் போன் அடித்தது.

"ஏம்மா அலர்மேலு மங்கா," என்றார் சுந்தரம்மா. பெயரை முழுசாக, தெலுங்கு இழுப்போடு சொன்னார். "இவ்ளோ பெரிய பேரா ஒன்னுது? நீ மங்கான்னுதானே சொன்னே. திருச்சானூரு அம்மவாரு பேருல்ல இது."

"ஆமாங்க. எங்க நைனா வேண்டிக்கினு வெச்ச பேரு." "ரூபா திரும்பி வந்துட்டுதுங்க."

"பின்ன? பேரு பாக்கத்தான கேட்டேன். ஒன் துட்டு எனக்கு எதுக்கு? என் பொண்ணுதான் அனுப்பிச்சா, எனக்கு அதெல்லாம் வராது. கடைக்காரங்களுக்கு போன் பண்ணி வராதீங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன், அதான் லேட்டு. பாவம், கிளம்பிட்டாங்களாம். சாவி எதுத்த ஊட்டு கன்னிகா கிட்ட இருக்குது. நான் சொல்லிடறேன். குழாய் ஒண்ணு சொட்டும், இறுக்கி மூடு."

சபீனாவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் மீதி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ இனிமே ஒன் ஊட்ல துன்னுக்கோ," என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் விடுதிக்குப் போகாமல், கோகுலைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே அந்தத் தெருவுக்குப் போனாள். எதிர்வீட்டுக் கன்னிகா சாவியைக் கொடுத்துவிட்டு, எந்த ஊர், வீட்டுக்காரர் எங்கே வேலை, கோழி சமைப்பீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அலர்மேல்மங்கை கதவைத் திறந்தாள்.

அறை ஞாயிற்றுக்கிழமை இருந்தபடியே இருந்தது. ஜன்னலைத் திறந்ததும் தெருவின் சத்தம் உள்ளே வந்து, சுவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சிமெண்டு குளுமையாக இருந்தது.

கோகுல் கூப்பிட்டான். பின்னால் பஸ் சத்தமும் யாரோ பாடுவதும் கேட்டன.

"இப்பதான் போன் கைக்கு வந்துது. இன்னா, பத்து தபா கூப்பிட்டிருக்கே? அந்த வூடு போச்சா?"

"எங்க இருக்கே?"

"கேட்டுக்கு வெளிய. ரூமுக்குப் போவணும்."

"போவாதே. திருப்பதி பஸ்ஸுல ஏறு. கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடி, முனையில டீக்கடை இருக்கும், அங்க எறங்கு."



"நெஜமாவா? வழில வடமாலபேட்டைல போளி வாங்கியாரட்டுமா?"

"கம்பெனி பஸ்ஸு ஒனக்காக நிக்குமா? சும்மா வா."

"மாத்துத் துணி கூட இல்ல. வூட்டுல இன்னா இருக்குது?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. செவுத்துல ஒரு ஆணி இருக்குது."

"அதுல இன்னா மாட்றது?"

"ஒன் சட்டையை."

"அப்ப நான் எதைப் போட்டுக்கினு தூங்கறது?" என்று கேட்டுக்கொண்டே அவன் ஓடத் தொடங்கியது கேட்டது. யாரையோ கூவி நிறுத்தினான். பஸ் கதவு திறந்து மூடியது. அப்புறம் மூச்சு வாங்க, "ஏறிட்டேன்," என்றான்.